வேதாசலத்தை வைத்து மறைமலையடிகளை அளக்கலாமா?

கையொப்பமில்லாத பழைய கட்டுரையொன்று கிடைத்தால் நம்மவர்கள் உடனே செய்வது, யாருடையதென்று சந்தேகிக்கிறோமோ அவருடைய முதல் நூலை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. சொற்கள் ஒத்துவராவிட்டால், "இது அவர்ட கை இல்ல" என்று முடித்துவிடுவார்கள். அந்த முதல் நூலுக்கு எத்தனை வயது என்று கேட்பவர் குறைவு.

மறைமலையடிகளைப் பாருங்கள். 1876இல் பிறந்த அவர் வேதாசலமாக எழுதத் தொடங்கியவர். 1902இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ஞானசாகரம். 1916இல் தனித்தமிழ் என்று உறுதி பூண்டபின் வேதம் மறையாகியது, அசலம் மலையாகியது, சுவாமி அடிகளானார். இதழும் அறிவுக்கடல் ஆனது.

இப்போது வடசொல் விகிதத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அவரது ஆரம்பகாலப் பக்கமொன்றில் 200 சொற்களுக்கு 50 வடசொல், பிற்காலப் பக்கத்தில் 4 என்று வையுங்கள். முன்னதை அடிப்படையாக வைத்தால் பின்னது அவருடையதே அல்ல என்றாகிவிடும். சரி, பிற்காலத்தையே அடிப்படையாக வைப்போமே என்றால் அதிலும் சிக்கல்தான். 1916க்குப் பிறகு வடசொல்லை விலக்கி எழுதியவர்கள் பலர். குறைந்த விகிதம் அந்த இயக்கத்தைக் காட்டுமே தவிர ஆளைக் காட்டாது.

இதைவிடப் பொல்லாத பொறி மறுபதிப்பு. அடிகள் தம் பழைய நூல்களை மீண்டும் அச்சிடும்போது வடசொற்களைக் களைந்து திருத்தினார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை முதலில் வந்தது 1903இல். ஆனால் திருத்திய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு "1903 நடை" என்று எண்ணினால் நடை மாறவேயில்லை என்ற முடிவுதான் கிடைக்கும். நூலகங்களில் பெரும்பாலும் அகப்படுவது பிந்திய பதிப்புத்தானே! ஆகவே முதலில் பதிப்புப் பக்கத்தையும் எல்லா முன்னுரைகளையும் பார்க்கவேண்டும்.

பிறகு, மனம் வைத்து மாற்றக்கூடியதையும் கைப்பழக்கத்தில் வருவதையும் பிரிக்கவேண்டும். தேகம் என்பதை எடுத்துவிட்டு யாக்கை என்று போட்டாலும் வாக்கியத்தின் எலும்பு அப்படியே நிற்கும். எழுவாய் எங்கே வருகிறது, எத்தனை எச்சங்களை அடுக்கிய பின் முற்று வருகிறது, காரணம் சொல்ல 'ஆகலின்' வருகிறதா 'ஆதலால்' வருகிறதா? இவை தமிழாகவே இருப்பதால் தனித்தமிழ்க் கொள்கை இவற்றில் கைவைக்கத் தேவையில்லை. ஆனாலும் இவையும் கல்லில் வெட்டியவை அல்ல. ஆராய்ச்சியுரையில் அடுக்கும் எச்சத்தை ஒருவர் கடிதத்தில் அடுக்கமாட்டார்.

ஆகவே நான் செய்வது இதுதான். ஐயத்துக்குரிய கட்டுரைக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் அதே ஆள், அதே வகையில் எழுதிய முதற்பதிப்புப் பக்கங்களைத் தேடுவேன். இரண்டுக்கும் நடுவில் கட்டுரை பொருந்தி உட்கார்கிறதா என்று பார்ப்பேன். அப்படிப் பக்கங்கள் கிடைக்காவிட்டால், பெயரிடாமல் விட்டுவிடுவேன்.