விண்டோஸ் 10 ஆதரவு நிறைவு: பழைய மடிக்கணினியை மேம்படுத்துவதா, மாற்றுவதா?

கடந்த 2015-ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகும் பழைய மடிக்கணினிகள் வழக்கம்போல இயங்குகின்றன. ஆனால், மாதந்தோறும் கிடைத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் நின்றுவிட்டன.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொதுவான நிரல் பகுதிகள் ஏராளம். எனவே, விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, அதை ஆராய்ந்தே பழைய இயங்குதளத்தில் அடைக்கப்படாத ஓட்டையை ஊடுருவல்காரர்களால் கண்டறிய முடியும். வங்கிப் பரிவர்த்தனைக்கும் வரிக் கணக்குத் தாக்கலுக்கும் பயன்படும் கணினியில் இது உண்மையான ஆபத்தாகும்.

முதலில் பார்க்க வேண்டியது

தொடக்கப் பட்டியின் தேடல் பெட்டியில் `msinfo32` எனத் தட்டச்சு செய்தால், கணினியின் விவரங்கள் திரையில் தோன்றும். அதில் `Processor` என்ற வரியே முடிவைத் தீர்மானிக்கிறது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே, ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுகின்றன. ஏஎம்டி செயலிகளுக்குப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மைக்ரோசாஃப்டின் `PC Health Check` என்ற இலவசச் செயலியே தெளிவான விடை தரும்.

எடுத்துக்காட்டாக, தோற்றத்தில் ஒன்றுபோல உள்ள இரண்டு மடிக்கணினிகளைக் கொள்வோம். இரண்டிலும் 4 ஜிபி ரேம், சுழலும் வன்தட்டு ஆகியவையே உள்ளன. ஒன்றில் `i5-7200U` செயலியும் மற்றொன்றில் `i5-8250U` செயலியும் இருக்கின்றன. கோட்டுக்கு அடுத்துள்ள 7, 8 என்ற எண்களே தலைமுறையைக் குறிக்கின்றன.

மேம்படுத்தத் தகுந்தது

எட்டாம் தலைமுறைக் கணினிக்கு விண்டோஸ் 11 இலவசமாகக் கிடைக்கும். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லை என்று சோதனையில் காட்டினால், அது பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்புக்குள் சென்று, இன்டெல் கணினிகளில் `PTT` எனக் குறிக்கப்படும் அந்த வசதியை இயக்கினால் போதும்.

எனினும், 4 ஜிபி ரேம் என்பது விதிமுறைப்படி குறைந்தபட்ச அளவு மட்டுமே. நடைமுறையில் கணினி திணறும். சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்எஸ்டி பொருத்துவதும், ரேமை 8 ஜிபியாக உயர்த்துவதும் புதிய கணினியின் விலையில் சிறு பகுதியிலேயே முடிந்துவிடும். சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தகுதி பெறாதது

ஏழாம் தலைமுறைக் கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. இத்தகைய மடிக்கணினிகளில் செயலியைக் கழற்றி மாற்றவும் முடியாது. சோதனையைத் தவிர்த்து விண்டோஸ் 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் உலவுகின்றன. ஆனால், அவ்வாறு நிறுவப்பட்ட கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என மைக்ரோசாஃப்ட் தெரிவித்துள்ளது. எந்தக் குறையைப் போக்க முயன்றோமோ, அதே குறை மீண்டும் வந்து சேரும்.

தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டம் உள்ளது. 22H2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருந்தால், கணினி அமைப்புகளை அந்தக் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டு கட்டணமின்றிச் சேரலாம். அவ்வாறு சேமிக்க விரும்பாதோர் 30 டாலர் கட்டணம் செலுத்திச் சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதற்கான இணைப்பு தோன்றும். இது மாற்று ஏற்பாட்டுக்கான அவகாசமே தவிர, நிரந்தரத் தீர்வு அன்று.

இணைய உலாவி, மின்னஞ்சல், ஆவணத் தயாரிப்பு ஆகியவை மட்டுமே தேவை எனில், லினக்ஸ் மின்ட் போன்ற கட்டணமற்ற இயங்குதளம் அதே கணினிக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயுள் தரும். நிறுவுவதற்கு முன் யுஎஸ்பி வழியாகவே இயக்கி, அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா எனப் பார்த்துவிடலாம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்குப்பதிவு மென்பொருளையோ மின்னணுக் கையொப்பக் கருவியையோ நம்பியிருப்போருக்கு இவ்வழி பொருந்தாமல் போகலாம்.

எப்போது மாற்றுவது?

தகுதியற்ற செயலியுடன் மின்கலமும் தளர்ந்து, திரையின் கீலும் உடைந்திருந்தால், பழுதுபார்ப்புக்குச் செலவிடுவதைவிடப் புதியது வாங்குவதே மேல். 32 ஜிபி சேமிப்பகம் மட்டுமே கொண்ட மலிவு விலை மடிக்கணினிகளுக்கும் இது பொருந்தும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி தேவை.

பழையதைக் கைவிடும் முன், தரவுகளை நகலெடுத்துக்கொண்டு வன்தட்டை முழுமையாக அழித்துவிட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறையாகும்.