நட்சத்திரக்குறிகள் எதற்குச் சாட்சி? நிலவரி முறையும் விளைச்சலும் பற்றிய ஓர் அட்டவணை

ஆங்கிலேயர் ஆட்சியில் வகுக்கப்பட்ட நிலவரி முறைகளின் தாக்கம் விடுதலைக்குப் பிந்தைய வேளாண்மையிலும் நீடித்ததா என்ற கேள்விக்கு, அபிஜித் பானர்ஜியும் லக்ஷ்மி ஐயரும் 2005இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை புகழ்பெற்ற ஒரு விடையைத் தந்தது. அதன் மையச் சான்று ஒரு பக்கத்தில் அடங்கும் அட்டவணை. அந்தப் பக்கம் மட்டும் கைப்பேசிப் படமாக மாணவர் கைக்கு வரும்போது, பெரும்பாலும் ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடுகிறது: "ஜமீன்தாரி முறை விளைச்சலைக் குறைத்தது என்று நிறுவப்பட்டுள்ளது." அட்டவணையில் உள்ள எண்கள் இவ்வாக்கியத்தைத் தாங்குமா என்பதை வரிசை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பது தெளிவாக வேண்டும். 1793இன் நிரந்தரத் தீர்வை நடைமுறைக்கு வந்த வங்காளம், பீகார் போன்ற பகுதிகளில் வரி செலுத்தும் பொறுப்பும் நிலத்தின் மீதான உரிமையும் ஜமீன்தார்களிடம் இருந்தன. பம்பாய், சென்னை மாகாணங்களின் பெரும்பகுதியில் உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இருந்தது. பஞ்சாப் போன்ற இடங்களில் கிராமச் சமூகமே வரிக்குப் பொறுப்பேற்றது. கட்டுரையாசிரியர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலவுடைமையாளர் அல்லாத முறையின் கீழ் இருந்த பகுதி எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரையிலான அளவாகக் கணக்கிட்டனர். பின்னர் அதை 1956 முதல் 1987 வரையிலான 166 மாவட்டங்களின் வேளாண் தரவுகளோடு பொருத்தினர். ஆகவே அட்டவணையில் காணும் ஒவ்வொரு கெழுவும், முழுவதும் நிலவுடைமையாளர் முறையில் இருந்த மாவட்டத்தையும் முழுவதும் அம்முறைக்கு வெளியே இருந்த மாவட்டத்தையும் ஒப்பிடும் எண். புவியியல் கூறுகளும், ஆங்கிலேயர் வருவாய் நிர்வாகத்தை ஏற்ற காலமும் இந்த ஒப்பீட்டில் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளன.

படமாகக் கிடைக்கும் அட்டவணையில் முதலில் காணாமல் போவது அடிக்குறிப்பு. அடைப்புக்குறிக்குள் இருப்பது திட்டப்பிழையா, டி மதிப்பா என்பதும், ஒரு நட்சத்திரம் எந்த மட்டத்தைக் குறிக்கிறது என்பதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். இக்கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் இருப்பது மாவட்ட அளவிலான தொகுப்பைக் கருதித் திருத்திய திட்டப்பிழை. ஒரு நட்சத்திரம் 10 விழுக்காட்டு மட்டத்தையும், இரண்டு 5 விழுக்காட்டையும், மூன்று 1 விழுக்காட்டையும் குறிக்கின்றன. அடிக்குறிப்பு வெட்டுப்பட்டிருந்தாலும் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கெழுவை அடைப்புக்குறிக்குள் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். அது திட்டப்பிழையாக இருந்தால், ஈவு ஏறத்தாழ 1.65ஐத் தாண்டும்போது ஒரு நட்சத்திரமும், 1.96ஐத் தாண்டும்போது இரண்டும், 2.58ஐத் தாண்டும்போது மூன்றும் வரும். உர வரிசையில் 10.708ஐ 3.345ஆல் வகுத்தால் 3.2 கிடைக்கிறது, மூன்று நட்சத்திரங்களும் பொருந்துகின்றன. மங்கிய படத்தில் 0.034 என்பதை 0.34 என்று படித்துவிட்டால், 0.065ஐ அதனால் வகுக்க 0.19தான் வரும்; அந்த வரிசைக்கு நட்சத்திரமே இருக்க முடியாது. எண் தவறாகப் படிக்கப்பட்டதை நட்சத்திரமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து விளைச்சல். 15 முக்கியப் பயிர்களின் மொத்த விளைச்சலின் மடக்கைக்குக் கிடைத்த கெழு 0.157, திட்டப்பிழை 0.071, இரண்டு நட்சத்திரங்கள். மடக்கையில் அமைந்த கெழுவை அப்படியே விழுக்காடாகப் படித்தால் ஏறத்தாழ 16; துல்லியமாக மாற்றினால் 17. இந்த ஒற்றை எண்தான் ஆய்வேடுகளில் இடம்பெறும். திட்டப்பிழையை 1.96ஆல் பெருக்கி இருபுறமும் வைத்தால் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி கிடைக்கும், அது 0.018 முதல் 0.296 வரை. அதாவது ஏறத்தாழ 2 விழுக்காட்டு வேறுபாடும் இந்தத் தரவோடு முரண்படவில்லை, 34 விழுக்காட்டு வேறுபாடும் முரண்படவில்லை. ஒரு மாவட்டத்தின் உழவருக்கு முன்னது கவனத்துக்கே வராத வேறுபாடு; பின்னது வாழ்நிலையையே மாற்றும் வேறுபாடு. இரண்டு நட்சத்திரங்கள் இவ்விரண்டுக்கும் இடையே எதையும் தேர்ந்து தருவதில்லை. வேறுபாடே இல்லை என்ற கருத்தோடு தரவு எளிதில் இணங்கவில்லை என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. எனவே கவனமான வாக்கியம் இவ்வாறு அமையும்: "1956–87 காலத்தில், நிலவுடைமையாளர் முறைக்கு வெளியே இருந்த மாவட்டங்களின் சராசரி விளைச்சல் சுமார் 17 விழுக்காடு அதிகமாக மதிப்பிடப்பட்டது, 95 விழுக்காட்டு இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 34 விழுக்காடு வரை நீள்கிறது."

பாசன வரிசை இன்னும் நுட்பமானது. கெழு 0.065, திட்டப்பிழை 0.034, ஒரே நட்சத்திரம். இங்கே 95 விழுக்காட்டு இடைவெளி −0.002 முதல் 0.132 வரை செல்கிறது. சுழியத்தை மயிரிழையில் உள்ளடக்குகிறது. 90 விழுக்காட்டு இடைவெளியைக் கணக்கிட்டால் 0.009இல் தொடங்குவதால் சுழியம் வெளியே நிற்கிறது. நட்சத்திரம் கிடைத்தது அதனால்தான். மட்டத்தைக் குறிப்பிடாமல் "பாசனத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு" என்று எழுதினால், படிப்பவர் வழக்கமான 5 விழுக்காட்டு மட்டத்தை எண்ணிக்கொள்வார். "பாசனத்தில் வேறுபாடு இல்லை" என்று எழுதினாலும் பிழையே; 13 விழுக்காட்டுப் புள்ளி வரையிலான வேறுபாட்டையும் அந்த இடைவெளி இடமளித்து வைத்திருக்கிறது.

இதே வரிசையில் அலகுக் குழப்பம் ஒன்றும் காத்திருக்கிறது. பாசனம் பெற்ற பரப்பின் சராசரி 27.6 விழுக்காடு. 0.065 என்பது 6.5 விழுக்காட்டுப் புள்ளிகள். அதைச் சராசரியால் வகுத்தால் 24 விழுக்காடு. இரண்டும் சரியான எண்கள்தாம். ஆனால் "24 விழுக்காடு கூடுதல் நிலம் பாசனம் பெற்றது" என்று அடிப்படையைச் சொல்லாமல் எழுதினால், மொத்த நிலத்தில் கால்பங்கு என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். "பாசனப் பரப்பின் பங்கு 6.5 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம், இது சராசரியின் ஏறத்தாழ கால்பங்கு, இவ்வேறுபாடு 10 விழுக்காட்டு மட்டத்தில் மட்டுமே சுழியத்திலிருந்து பிரித்தறியப்படுகிறது" என்பது நீளமான வாக்கியம்தான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

நெல்லுக்கும் கோதுமைக்கும் தனித்தனி வரிசைகள் உள்ளன. நெல்லின் கெழு 0.171, இரண்டு நட்சத்திரங்கள். கோதுமையின் கெழு 0.229, மூன்று நட்சத்திரங்கள். இதைப் பார்த்ததும் "ஜமீன்தாரி முறையின் தாக்கம் கோதுமையில்தான் வலுவானது" என்று எழுதத் தோன்றும். பஞ்சாபையும் பசுமைப் புரட்சியையும் அறிந்த மாணவருக்கு அது இயல்பான கதையாகவும் படும். ஆனால் நெல்லின் இடைவெளி 0.012 முதல் 0.330 வரை, கோதுமையின் இடைவெளி 0.098 முதல் 0.360 வரை. இரண்டும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இரண்டு கெழுக்களுக்கும் இடையிலான வேறுபாட்டை அட்டவணையின் எந்த வரிசையும் சோதிக்கவில்லை. நட்சத்திரங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கெழுவையும் சுழியத்தோடு ஒப்பிட்டதன் விளைவு. ஒரு கெழுவை மற்றொன்றோடு ஒப்பிட்டதன் விளைவு அன்று. "இரு பயிர்களிலும் விளைச்சல் அதிகமாக மதிப்பிடப்பட்டது" என்பதோடு நிறுத்துவதே முறை.

இதுவரை சொன்னவை அட்டவணைக்குள் உள்ள ஐயத்தைப் பற்றியவை. வரலாற்று மாணவருக்கு இன்னும் முக்கியமான ஐயம் அட்டவணைக்கு வெளியே உள்ளது. திட்டப்பிழை, தரவின் தற்செயல் ஏற்றத்தாழ்வை மட்டுமே அளக்கிறது. ஒரு மாவட்டம் எந்த வகையில் சேர்க்கப்பட்டது என்ற முடிவு சரியா என்பது அதற்குத் தெரியாது. இந்த ஆய்வில் மத்திய மாகாணங்கள் நிலவுடைமையாளர் பகுதி என வகைப்படுத்தப்பட்டன. 1860களில் அங்கு மால்குஜார்களுக்கு உடைமை உரிமை வழங்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கிருந்த குடியானவர்களில் கணிசமானோருக்குச் சட்டப் பாதுகாப்புள்ள சாகுபடி உரிமைகளும் இருந்தன. வங்காள ஜமீன்தாரியோடு மால்குஜாரி முறையை ஒரே கூடையில் போடலாமா என்பது புள்ளியியல் விடைசொல்லும் கேள்வி அன்று. தீர்வை அறிக்கைகளையும் குத்தகைச் சட்டங்களையும் படித்து விடைதேட வேண்டியது. வெகார்ட் இவர்சன், ரிச்சர்ட் பால்மர்-ஜோன்ஸ், குணால் சென் ஆகியோர் 2013இல் 'ஜர்னல் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்' இதழில் இதே தரவை மறுபரிசீலனை செய்தனர். மத்திய மாகாணங்களின் வகைப்பாட்டைத் திருத்தினால் முதல் கட்டுரையின் மைய முடிவு நிலைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். மூன்று நட்சத்திரங்கள் பெற்ற வரிசையாயினும், இத்தகைய மாற்றத்திலிருந்து நட்சத்திரம் அதைக் காப்பதில்லை.

காரணம் பற்றிய சொல்லும் அவ்வாறே. வளமான பகுதிகளுக்கு ஒரு முறையும் வறண்ட பகுதிகளுக்கு வேறொரு முறையும் வாய்த்திருந்தால், விளைச்சல் வேறுபாடு நிலவரி முறையால் வந்தது ஆகாது. ஆசிரியர்கள் இதை உணர்ந்தே, 1820க்கும் 1856க்கும் இடையில் ஆங்கிலேயர் வசமான பகுதிகளில் நிலவுடைமையாளர் அல்லாத முறை மிகுதியாகப் புகுத்தப்பட்டது என்ற வரலாற்றுத் தற்செயலைப் பயன்படுத்தித் தனியாக வாதிட்டனர். அந்த வாதம் கட்டுரையின் வேறு பகுதியில் உள்ளது. படத்தில் உள்ள பக்கத்தை மட்டும் படித்தவர் "குறைத்தது" என்று எழுதினால், தாம் படிக்காத வாதத்தின் வலிமையைக் கடன் வாங்குகிறார்.

ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து ஆய்வேட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்க சுருக்கம் இதுவே: "166 மாவட்டங்களின் 1956–87 தரவில், நிலவுடைமையாளர் அல்லாத வரிமுறை நிலவிய மாவட்டங்கள் சராசரியாகக் கூடுதல் விளைச்சலோடும் கூடுதல் உரப் பயன்பாட்டோடும் தொடர்புற்றிருந்தன. பாசன வேறுபாட்டுக்கான சான்று பலவீனமானது. மதிப்பீடுகளின் இடைவெளிகள் அகலமானவை. மத்திய மாகாணங்களை எவ்வகையில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து இம்முடிவு மாறும் என்று பிற்கால ஆய்வு வாதிடுகிறது." முதல் வாக்கியத்துக்குச் சான்று அட்டவணையின் எண்கள். கடைசி வாக்கியத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் நாக்பூரின் பழைய தீர்வை அறிக்கைகளைத் திறக்க வேண்டும்.