மட்டாஞ்சேரி ஈரக்காற்றில் பின்னோக்கி வாரிய முடி ஏன் கலைகிறது? படிய வைப்பது எப்படி?

மட்டாஞ்சேரியில் மாலை 7 மணிக்குத் திருமண வரவேற்பு, உங்கள் முடி காதைத் தாண்டும் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கண்ணாடி முன் பளிச்சென்று படிந்திருந்த முடி, மண்டபத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும். ஜெல் பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் பூசுவோம். உண்மையில் பிரச்னை ஜெல்லின் அளவு இல்லை, ஈரம்.

முடியிலுள்ள கெரட்டின் புரதத்தில் ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு. முடி நனைந்தால் அவை விடுபடும், காய்ந்தால் மறுபடி சேரும். அதனால் எந்த வடிவத்தில் காய்கிறதோ அதே வடிவத்தில் முடி நிற்கும். கொச்சியில் பெரும்பாலான மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். அந்த ஈரமே பிணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. பல ஜெல்களில் இருக்கும் பிவிபி என்ற பாலிமரும் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்கலாம். அது சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். கொச்சி மாலையில் அது வெறும் திரவம். மினுமினுப்பு தரும், பிடிப்பு தராது.

எனவே 5 மணிக்கே தொடங்குங்கள். ஷாம்பு போட்டு அலசி, நீர் சொட்டாத அளவுக்குத் துண்டால் ஒற்றுங்கள். ஒரு டீஸ்பூன் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து, முதலில் பிடரி, பிறகு பக்கங்கள், கடைசியில் முன்நெற்றி என்று பூசுங்கள். கை முதலில் படும் இடத்தில்தான் அதிகம் ஒட்டும். முன்னால் ஆரம்பித்தால் நெற்றியோரம் திட்டுத்திட்டாகத் தெரியும். அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, நெருக்கமான பல் சீப்பால் நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பாக வாருங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. சீப்பு போகும் திசையிலேயே, மிதமான சூட்டில், ஹேர் டிரையரின் காற்று பின்தொடர வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் வேர் எழும்பிவிடும். உச்சியில் வேர்ப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கு என்று அர்த்தம். முழுவதும் காய்ந்ததும் ஒரு நிமிடம் குளிர்காற்று கொடுங்கள்.

கடைசியாக, எண்ணெய், மெழுகு கலந்த பொமேடைப் பட்டாணி அளவு எடுத்து, விரல்களில் உருக்கி மேலோட்டமாகத் தடவுங்கள். காற்றின் ஈரம் உள்ளே புகுவதை அது தாமதப்படுத்தும், முழுசாகத் தடுக்காது. சுருட்டை முடி சீக்கிரமே திரும்பிக்கொள்ளும். அதைப் பின்னால் கட்டிவிடுவதே நல்லது.

ஜெல் காய்ந்த பிறகு சீப்பைத் தொடாதீர்கள். பூச்சு உடைந்து, கறுப்பு கோட்டின் தோளில் பொடுகு மாதிரி வெள்ளையாக உதிரும். படகில் வந்து முடி கலைந்தாலும் தண்ணீர் தொட்டு வார வேண்டாம், ஜெல் கரைந்துவிடும். விரல் நுனியில் துளி பொமேட் போதும்.

இரவு பொமேடை எடுக்க, காய்ந்த முடியிலேயே ஷாம்புவைத் தேய்த்துவிட்டுப் பிறகு நனையுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய்ப் பூச்சு அதைத் தள்ளிவிடும்.