ஒரு உறுதிமொழி பிறந்த கதை

என் அக்கா மகனுக்கு வைகாசியில் கல்யாணம். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு நிற்க நேரம் இருக்காது. அம்மாபேட்டைப் பக்கம் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம், வாடகைக்கு ஓட்டும் டிராக்டர் ஒன்று. பெண் திருத்துறைப்பூண்டிப் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சுயமரியாதைத் திருமணம்தான். தலைமை தாங்குபவர் உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொல்ல, மணமக்கள் திருப்பிச் சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். பையன் அந்த உறுதிமொழித் தாளை என்னிடம் கொண்டுவந்து, "மாமா, இதக் கொஞ்சம் பாருங்க, எனக்கு வாயில வரமாட்டேங்குது" என்றான்.

தாளில் இருந்தது ஒரே வாக்கியம். "இல்லறம் எனும் நல்லறச் சோலையில் ஈருடல் ஓருயிராய் இணைந்து, இன்பத்திலும் துன்பத்திலும், வளமையிலும் வறுமையிலும், மரணம் எங்களைப் பிரிக்கும் வரை உற்ற துணையாய் விளங்கிடுவேன் என உளமார உறுதி கூறுகிறேன்." பெண்ணுக்கும் இதே வாக்கியம்தான்.

அந்த வாக்கியம் மூன்று இடங்களிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சோலையும் ஓருயிரும் மேடைப் பேச்சின் சொத்து. வளமை, வறுமை, மரணம் பிரிக்கும் வரை என்பதெல்லாம் 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை அச்சிட்ட பொது ஜெப நூலின் கல்யாணச் சடங்கிலிருந்து சினிமா வழியாகவும் வாழ்த்து அட்டை வழியாகவும் நம்மிடம் வந்தவை. 'உளமார உறுதி கூறுகிறேன்' அமைச்சர்கள் பதவியேற்கும்போது சொல்வது. மூன்றுமே அதனதன் இடத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன. டிராக்டர் ஓட்டும் பையன் ஆசிரியைப் பெண்ணைப் பார்த்துச் சொல்லும்போதுதான் எதுவும் அவனுடையதாக இல்லை.

இத்தனைக்கும் இந்த உறுதிமொழி பிறந்ததே, மணமக்கள் தாங்கள் சொல்வது தங்களுக்குப் புரிந்து சொல்ல வேண்டும் என்பதற்காக. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, யாருக்கும் விளங்காத மந்திரம் இல்லை; ஊர் கூடியிருக்க இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அது வேகமாகப் பரவியது. ஆனால் அப்படிச் சொன்ன சொல்லுக்கு அப்போது சட்டத்தில் இடம் இல்லை. இப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம்தான் அதை மாற்றியது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது சொன்னது.

அந்தத் திருத்தத்தால் வந்த 7-ஏ பிரிவை எடுத்துப் பையனுக்குப் படித்துக் காட்டினேன். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த ஏதாவது ஒரு மொழியில், இவரை என் மனைவியாக ஏற்கிறேன், இவரை என் கணவராக ஏற்கிறேன் என்று அறிவித்தால் கல்யாணம் ஆயிற்று. அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். சட்டம் கேட்பது இவ்வளவுதான். இந்தப் பிரிவு இந்துக்கள் இருவருக்கு இடையில் நடக்கும் கல்யாணத்துக்கு மட்டும் பொருந்தும். வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவர் மணப்பதானால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். சோலையும் ஓருயிரும் எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் தாளிலோ அவை எல்லாம் இருந்தன. மனைவியாக ஏற்கிறேன் என்ற அந்த ஒரு பேச்சுதான் இல்லை.

ஆகவே முதல் வரியை முதலில் எழுதினோம். "நான் இவரை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று இருவர் பெயரும் ஊரும் வைத்து, எழுத்துத் தமிழிலேயே. இந்த வரி சபைக்குச் சொல்வது. கடைசி நாற்காலியில் இருக்கும் பெரியவர் காதிலும் தெளிவாக விழ வேண்டும். 'ஏற்றுக்கொள்வேன்' என்று எழுதாமல் பார்த்துக்கொண்டோம். இனிமேல் நடக்கப்போவதாகச் சொல்லக் கூடாது. சொல்லும்போதே நடக்க வேண்டும்.

அடுத்த வரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்வது. அவற்றை எழுத்துத் தமிழில் எழுதினால் பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி வரும். ஆகவே பேசுவதுபோலவே எழுதலாம் என்றேன். இருவரும் தனித்தனியே உட்கார்ந்து எழுதிவந்தார்கள். அவன் எழுதியது: "எப்போதும் கோபப்படமாட்டேன். உன்னைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வேன்." சொன்னால் அழகாக இருக்கும், முதல் ஆடியிலேயே பொய்யாகும். நான் பெண்ணிடம் வேறு விதமாகக் கேட்டேன்: "அவன் என்ன செஞ்சா, நம்மளக் கைவிட்டுட்டான்னு உனக்குத் தோணும்?" அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. "எனக்குத் தெரியாம என் நகையக் கொண்டுபோய் வச்சா." அதே கேள்வியை அவனிடம் கேட்டேன். "ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனா, எங்க போயிட்டு வர்றேன்னு சந்தேகமா கேட்டா."

உறுதிமொழிக்கு வேண்டியது அங்கே கிடைத்துவிட்டது. காவிரிப் பாசனத்தில் விவசாயம் செய்யும் வீட்டில் நகை என்பது நாற்றும் உரமும்தான். நடவுக்கு முன் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ போய் உட்கார்ந்து, அறுவடைக்குப் பின் திரும்பும். அறுவடை பொய்த்தால் திரும்பாது. மழையில் முங்கிய சம்பாவோடு கல்யாணத்துக்குப் போட்ட நகையும் போன வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. புருசன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அவள் கேட்டது நகையை அடகு வைக்கவே கூடாது என்று இல்லை. தன்னைக் கேட்காமல் வைக்கக் கூடாது என்றுதான்.

என் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா மேடையில அடகுப் பேச்சாடா?" என்றாள். சம்பந்தி வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவளுக்கு. நியாயமான பயம்தான். சபையில் சொல்வதால் வீட்டு ரகசியம் வெளியே வந்துவிடக் கூடாது, யார் மானமும் போகக் கூடாது. பெண் எழுதிவந்த ஒரு வரியை இந்தக் காரணத்துக்காக அவளே அடித்தாள். குடியைப் பற்றிய வரி அது. அவன் குடிக்காதவன், அந்த வரி உண்மையில் இறந்துபோன அவள் அப்பாவைப் பற்றியது என்று அவளுக்கே தெரிந்தது. அதை அவனிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நகை வரி அப்படி இல்லை. அதில் யார் மீதும் குற்றம் இல்லை. இனி நடக்கப்போவதைப் பற்றிய ஒரு பேச்சு. அடகு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு அதை வைத்துக்கொண்டோம். அக்கா அரைமனதாகச் சம்மதித்தாள்.

நீயா நீங்களா என்பதில்தான் அதிக நேரம் போனது. பையன் பெண்ணை நீ என்பான், அவள் அவனை நீங்க என்பாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். ஆனால் சமமாக ஏற்கிறோம் என்று சொல்லும் மேடையில் அப்படியே சொன்னால் ஒருவர் ஒரு படி கீழே நிற்பது மைக்கில் கேட்கும். இருவரும் நீ என்றால் பாட்டிமார் முகம் சுருங்கும். இருவரும் நீங்க என்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அவன் போனில் அப்படியே பேசிப் பழகினான்.

பிறகு வாயால் சொல்லிப் பார்க்கும் வேலை. எழுதியதைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்தோம். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே கோடு போட்டோம். இடறிய இடமெல்லாம் அவர்கள் பேச்சில் இல்லாத சொல் இருந்தது, இல்லாவிட்டால் ஒரு மூச்சுக்கு மேல் நீண்ட வாக்கியம் இருந்தது. 'பரஸ்பரம்' போனது, 'அரவணைத்து' போனது. கடைசியில் அவன் வார்த்தைகள் இப்படி நின்றன:

"குறுவை, சம்பா வேலை இருக்கும்போது நான் நேரத்துக்கு வீட்டுக்கு வரமாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். ஆனா நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாம ஒரு ராத்திரியும் போகாது. உங்க நகை உங்களோடது. கஷ்டம் வந்தா கேப்பேன். நீங்க வேணாம்னா வேற வழி பாப்பேன். உங்க அம்மா தனியா இருக்காங்க. அவங்களுக்கு முடியலைன்னா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் வண்டிய எடுப்பேன்."

அவளுடையது இன்னும் சின்னது:

"நீங்க வயல்ல இருக்கும்போது நான் சந்தேகப்பட்டுக் கேக்கமாட்டேன், சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். வெள்ளாமை போன வருசம் வந்தா, அன்னிக்கு உங்க கூட உக்காந்து கணக்குப் பாப்பேன். என் சம்பளத்தப் பத்தியும் உங்க கடனப் பத்தியும் ரெண்டு பேரும் ஒளிக்காமப் பேசிக்கணும். எனக்கு மாறுதல் வந்தா, எங்க இருக்கிறதுன்னு சேர்ந்தே முடிவு பண்ணுவோம்."

தலைமை தாங்க வந்த பெரியவரிடம் முன்பே சொல்லிவைத்தோம். முதல் வரியை மட்டும் அவர் சொல்ல இவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மற்றதை உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தவில்காரரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் முதல் வரி முடிந்ததும் கெட்டிமேளம் விழுந்து மற்றதெல்லாம் யார் காதிலும் ஏறாது. ஒருவருக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. பையன் வண்டி வரியில் ஒருமுறை நின்றான், பிறகு தொடர்ந்தான். அட்டையைப் பார்க்கவில்லை. பெண்ணின் அம்மா முன்வரிசையில் இருந்தார்கள்.

இந்த ஆவணியிலோ அடுத்த தையிலோ கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்கிறேன் என்ற முதல் வரியை யாரும் தொட வேண்டாம். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கூட்டம் சேர்த்து ஊரறியச் சொன்னால்தான் செல்லும் என்றும் இல்லை. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. சபையில் சொல்வதானால், தலைமை தாங்கும் ஐயாக்களே, அம்மாக்களே, அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு மைக்கை மணமக்கள் கையில் கொடுங்கள்.