தலை குலுங்கினாலும் பார்வை குலுங்காதது ஏன்? கண்ணுக்குக் காது செய்யும் உதவி

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தட்டிவிட்டால், தலையோடு சேர்ந்து அதன் கண்ணும் ஆடும். மனிதக் கண் அப்படியில்லை. தலை வலப்பக்கம் திரும்பினால், கண் அதே வேகத்தில் இடப்பக்கம் திரும்பும். அதனால்தான் தஞ்சை - கும்பகோணம் பஸ் குலுங்கினாலும், வயலுக்கு அப்பால் நிற்கும் பெயர்ப் பலகையைப் படிக்க முடிகிறது. இதற்கு 'வெஸ்டிபுலோ ஆக்குலர் ரிஃப்ளெக்ஸ்' என்று பெயர்.

நீங்களே சோதிக்கலாம்

தலையை அசைக்காமல், கையில் உள்ள போனை வினாடிக்கு 2 முறை இடம் வலமாக ஆட்டிப் பாருங்க. எழுத்து கலங்கும். இப்போ போனை அசைக்காமல், அதே வேகத்தில் தலையை மட்டும் ஆட்டுங்க. எழுத்து தெளிவாகத் தெரியும். பஸ்ஸில் போன் படிப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். தலையின் ஆட்டத்தைக் கண் சரிசெய்துவிடும். போனின் தனி ஆட்டத்தை அதனால் அவ்வளவு வேகமாகத் துரத்த முடியாது.

எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு உள்காதிலும் திரவம் நிரம்பிய 3 அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த வித்தியாசத்தை உணரும் நரம்பு, மூளைத்தண்டு வழியாகக் கண் தசைகளுக்குத் தகவல் அனுப்பும். இதற்குச் சுமார் 10 மில்லி வினாடி போதும். கண்ணால் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, பிறகு கண்ணைத் திருப்புவதென்றால் சுமார் 100 மில்லி வினாடி ஆகும்.

பழுதானால்?

ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் ஊசிகள் சிலருக்கு இரு உள்காதுகளையும் பாதிக்கும். அப்படிப் பாதிக்கப்பட்ட ஓர் அமெரிக்க டாக்டர், 1952-ல் மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். நாடித் துடிப்பில் தலை லேசாக அசைந்தாலே புத்தகத்தின் எழுத்து அவருக்கு ஆடியது. கட்டில் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்தி வைத்துத்தான் படித்தார். இந்தப் பாதிப்பு உள்ளவர்கள் வரப்பில் நடந்தால் எதிரே உள்ள மரமும் குதிப்பதுபோல் தெரியும். இருட்டில் நடப்பது இன்னும் சிரமம்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். கண் மூக்கிலேயே நின்றால் ரிஃப்ளெக்ஸ் சரி. தலையோடு போய்விட்டுத் துள்ளித் திரும்பினால், திருப்பிய பக்கத்து உள்காதில் கோளாறு இருக்கலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. திடீரென வந்த தலைசுத்தல் நிற்காமல் தொடரும்போது, இந்தச் சோதனை 'நார்மல்' என்று வந்தால் நிம்மதி அடைய முடியாது. கோளாறு காதில் இல்லாமல் மூளையில் இருக்கலாம், பக்கவாதமாகக்கூட இருக்கலாம். எனவே வீட்டில் யாரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. இப்படித் தலை சுத்தினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடக்க முடியாமை சேர்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.