உருண்டைகளுக்கு நடுவே ஒரு கழுத்து

கார்ல் சேகனின் ‘காஸ்மோஸ்’ தொடருக்குக் கணினி அசைவுப்படங்கள் செய்தவர் ஜிம் பிளின். 1982இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மூலக்கூறுகளை வரைவது எப்படி என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. களிமண் போல ஒன்றோடொன்று குழையும் கணினி உருவங்களின் வரலாற்றை அங்கிருந்து சொல்லலாம்.

அதுவரை பழகிய முறை முக்கோண வலை. அது வெறும் தோல்தான், உள்ளே ஒன்றும் கிடையாது. தோளோடு கையைச் சேர்க்கணும்னா, இரண்டும் வெட்டிக்கொள்ளும் கோட்டைக் கண்டுபிடித்து, உள்ளே புதைந்த முக்கோணங்களை நறுக்கி, விளிம்புகளைத் தைத்து, அந்தத் தையலை வழவழப்பாக்கணும். கை கொஞ்சம் நகர்ந்தால் எல்லாம் முதலிலிருந்து.

பிளின் தோலை வரையவில்லை. ஒவ்வோர் அணுவும் நடுவில் அடர்ந்து, தள்ளிப் போகப்போக மெலியும் ஒரு மூட்டம் என்று எடுத்துக்கொண்டார். எல்லா மூட்டங்களையும் கூட்டி, கூட்டுத்தொகை குறிப்பிட்ட அளவைத் தொடும் இடத்தையே மேற்பரப்பு என்றார். இரண்டு அணுக்கள் நெருங்கினால் நடுவே அடர்த்தி கூடும், தானாகவே ஒரு கழுத்து முளைக்கும். தைக்க வேண்டியதே இல்லை.

பின்னால் வந்தவர்கள் அடர்த்திக்குப் பதில் தூரத்தை வைத்தார்கள். ஒரு புள்ளியிலிருந்து மேற்பரப்பு எவ்வளவு தூரம்? வெளியே என்றால் நேர் எண், உள்ளே என்றால் எதிர் எண். இரண்டு உருவங்களைச் சேர்க்க, இரு தூரங்களில் சிறியதை எடுத்தால் போதும். ஆனால் சேருமிடத்தில் கூரான மடிப்பு விழும். அதைக் குழைக்கும் சூத்திரங்களைப் பரவலாக்கியவர்களில் இன்யிகோ கீலெஸ் முக்கியமானவர். அவற்றில் ஒன்று:

```
h = max(k - abs(a - b), 0.0) / k
d = min(a, b) - h*h*k/4.0
```

போட்டுப் பார்ப்போம். ஆரம் 1 உள்ள இரண்டு உருண்டைகள், இடைவெளி 0.2. நட்டநடுப் புள்ளியில் a, b இரண்டும் 0.1. சிறியதை மட்டும் எடுத்தால் விடை 0.1, அதாவது வெற்றிடம். k 0.8 என்றால் h 1 ஆகும், 0.2 கழியும், விடை -0.1. வெற்றிடமாக இருந்த இடம் இப்போது உடம்புக்குள் வந்துவிட்டது. கழுத்து முளைத்துவிட்டது.

சிக்கலும் இங்கேதான். இந்தச் சூத்திரத்துக்கு தூரம் மட்டும்தான் தெரியும், உறவு தெரியாது. இடைவெளி k-இல் பாதிக்கும் குறைந்தால் எதையும் ஒட்டிவிடும். ஒரு கையைச் செய்து பாருங்கள், விரல்களுக்கு நடுவே வாத்துக்கால் சவ்வு வந்து நிற்கும். தீர்வு வரிசையில் இருக்கிறது. முதலில் விரல்களைத் தங்களுக்குள் வெறும் `min` கொண்டு சேர்க்கணும், பிறகு அந்தத் தொகுப்பை உள்ளங்கையோடு குழைக்கணும். வரிசையை மாற்றினால் வேறு கை கிடைக்கும்.

2020இல் வந்த ‘ட்ரீம்ஸ்’ விளையாட்டில், ஆடுபவர்கள் இப்படித் தூரக் கணக்கில் குழையும் வடிவங்களை அடுக்கித்தான் தங்கள் சிற்பங்களைச் செய்தார்கள். கழுத்து தானாக வந்துவிடும். எது எதோடு சேரணும், எது சேரக் கூடாது என்பதை மட்டும் செய்பவர்தான் சொல்லணும்.