காசநோயும் எச்.ஐ.வி.யும்: எதிர்ப்பாற்றல் மீட்சி அழற்சி

எச்.ஐ.வி. தொற்றும் காசநோயும் சேர்ந்துள்ள ஒருவர் காசநோய் மருந்தால் தேறிவரும்போது, ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கிய சில வாரங்களில் காசநோய் அறிகுறிகள் திடீரென மோசமாவதை எதிர்ப்பாற்றல் மீட்சி அழற்சி என்பர். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஐரிஸ் என்கிறார்கள். கண்டறியப்படாமல் உடலில் பதுங்கியிருந்த காசநோய், ஏ.ஆர்.டி. தொடங்கிய பின் சீற்றத்துடன் வெளிப்படுவது இதன் இன்னொரு வகை. இக்கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

ஏன் ஏற்படுகிறது

எச்.ஐ.வி. கிருமி சிடி4 அணுக்களை அழிப்பதால், காசநோய்க் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உடலில் குன்றிவிடுகிறது. ஏ.ஆர்.டி. மருந்து எச்.ஐ.வி.யை அடக்கியதும் அந்த ஆற்றல் திரும்புகிறது. அப்போது உடலில் மிஞ்சியிருக்கும் காசநோய்க் கிருமிகளையும் செத்த கிருமிகளின் எச்சங்களையும் எதிர்த்துக் கடும் அழற்சி மூள்கிறது. சிடி4 எண்ணிக்கை குறைவாக இருந்தவர்களுக்கும், காசநோய் பல உறுப்புகளில் பரவியிருந்தவர்களுக்கும், காசநோய் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களுக்கும் இது அதிகம் வருகிறது.

நோயாளியிடம் தெரிவது

வழக்கமான போக்கு இது: சிடி4 எண்ணிக்கை 30 உள்ள ஒருவருக்குக் காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் காய்ச்சல் தணிந்து பசி எடுக்கிறது. ஏ.ஆர்.டி. தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி காய்ச்சல் அடிக்கிறது. கழுத்தில் நெறி கட்டி வீங்கி, சில வேளை சீழ் கோக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரல் நிழல் முன்பைவிடப் பரந்திருக்கிறது. ஆனால் ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவு நன்றாக இறங்கியிருக்கும்.

ஐரிஸை உறுதிசெய்யத் தனிச் சோதனை இல்லை. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயா, மாத்திரை விடுபட்டதா, மருந்து ஒவ்வாமையா, வேறு தொற்றா என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே இதென்று முடிவுசெய்ய முடியும். ஐரிஸ்தான் என்று தெரிந்தால், பெரும்பாலும் இரண்டு சிகிச்சைகளையும் நிறுத்தாமல் தொடர்வார்கள்.

கண்டறிந்த வரலாறு

எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகளிடமும் சிகிச்சையின் நடுவே நெறிகள் பெரிதாவதுண்டு என்பது முன்பே தெரிந்ததுதான். 1990களின் நடுவில் வலுவான கூட்டு மருந்துகள் வந்த பிறகு, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது அடிக்கடி தென்பட்டது. 1998இல் மயாமி நகர மருத்துவர்கள், இரண்டு சிகிச்சைகளையும் பெற்ற 33 பேரில் 12 பேருக்கு இப்படி நோய் மோசமானதைப் பதிவுசெய்தனர். வசதி குறைந்த நாடுகளிலும் பயன்படக்கூடிய பொது வரையறை 2008இல் வெளியானது.

எப்போது தொடங்குவது

ஐரிஸுக்கும், சேர்ந்து பெருகும் பக்கவிளைவுகளுக்கும் அஞ்சி, காசநோய் சிகிச்சை முடியும்வரை ஏ.ஆர்.டி.யைத் தள்ளிவைத்த மருத்துவர்கள் பலர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த சாபிட் ஆய்வு 2010இல் இதை மாற்றியது. காசநோய் சிகிச்சையின்போதே ஏ.ஆர்.டி. பெற்றவர்களிடம், முடித்த பின் பெற்றவர்களைவிட இறப்பு 56 விழுக்காடு குறைந்திருந்தது.

அடுத்து எழுந்த கேள்வி, சிகிச்சையின் எந்த வாரத்தில் என்பது. கம்போடியாவின் கமேலியா ஆய்வு 661 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தது. அவர்களின் நடு சிடி4 அளவு வெறும் 25. ஒரு குழு இரண்டாம் வாரத்திலும் மற்றது எட்டாம் வாரத்திலும் ஏ.ஆர்.டி. தொடங்கின. முதல் குழுவில் ஐரிஸ் இரண்டரை மடங்கு அதிகம். ஆனால் இறந்தவர்கள் அக்குழுவில் 59, காத்திருந்த குழுவில் 90. ஐரிஸ் படுத்தியெடுத்தாலும், காத்திருப்பதே அதிக உயிர்களைப் பறித்தது.

2011இல் இதனுடன் வெளியான மற்ற இரு ஆய்வுகளும், சிடி4 50க்குக் கீழ் உள்ளவர்களுக்கு உடனே தொடங்குவதன் பயனை உறுதிசெய்தன. அதற்கு மேல் உள்ளவர்களிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை.

விதிவிலக்கு: மூளையுறை

கழுத்து நெறி வீங்கினால் அதற்கு விரிய இடமுண்டு; மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. வியட்நாமில் மூளையுறைக் காசநோயாளிகள் 253 பேரிடம் நடந்த ஆய்வில், உடனே ஏ.ஆர்.டி. தொடங்கியது உயிர்பிழைப்பைக் கூட்டவில்லை. கடுமையான பாதிப்புகளே அதிகமாயின. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், மூளையுறைக் காசநோயில் நான்கு முதல் எட்டு வாரம் பொறுக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு, சிடி4 எதுவானாலும், இரண்டு வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறது.

தடுப்பும் சிகிச்சையும்

தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வொன்று, ஐரிஸ் வந்தவர்களுக்கு நான்கு வாரம் பிரெட்னிசோன் கொடுத்தால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையும் என்று 2010இல் காட்டியது. கேப் டவுனில் சிடி4 100க்கு மிகாத 240 பேரிடம் நடந்த பிரெட்ஆர்ட் ஆய்வு, வருமுன் காப்பதைச் சோதித்தது. ஏ.ஆர்.டி.யுடன் முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமும், அடுத்த இரண்டு வாரம் 20 மில்லிகிராமும் பிரெட்னிசோன் பெற்றவர்களில் 32.5 விழுக்காட்டினருக்கு ஐரிஸ் வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 46.7 விழுக்காட்டினருக்கு. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோயோ கபோசி சார்கோமா என்னும் புற்றுநோயோ இருந்தால் இம்மருந்து தீங்காகலாம் என்பதால், அவை இல்லையென்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.